திரை விலகுவதற்குள் கண்ணப்பர்

அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குத் திரை போட்டதும் சந்நிதியில் ஓர் இடைவெளி விழும். கூட்டம் கலையாது, ஆனால் கவனம் கலைந்துவிடும். அந்த நேரத்தில் ஏதாவது பாடலாம், கதை சொல்லலாம், குழந்தைகளை நிறுத்தி நடித்துக் காட்டலாம் என்று நிர்வாகத்தினர் கேட்பார்கள். "பத்து நிமிஷம்தான் ஐயா, மணி அடிச்சதும் முடிச்சுடணும்" என்பார்கள். கடந்த பல வருஷங்களாக என் வேலையில் பெரும்பகுதி இந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது.

நான் பெரிய புராணம் படித்த காலத்தில் நிலைமை வேறு. ஊர்க் கோயில்களில் மாதக்கணக்கில் தொடர் சொற்பொழிவு நடக்கும். கண்ணப்பர் வந்தால் இரண்டு மாலைகளாவது எடுத்துக்கொள்வார்கள். முதல் நாள் பன்றி விழுவதோடு நிறுத்தி, காளத்தி மலையை மறுநாளுக்கு வைத்திருப்பார் என் ஆசிரியர். பிறகு அது ஒரு மணி நேரமானது, அப்புறம் அரை மணி. இப்போது தை மாதம் மிருகசீரிட நட்சத்திரத்தில் கண்ணப்பர் குருபூசை வந்தால், திரை விலகுவதற்குள் முடிய வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு மாலை உட்கார முடியாதவர்கள் அந்தப் பத்து நிமிடத்தில் அங்கே நிற்கிறார்கள். அவர்களுக்குக் கண்ணப்பர் முழுசாகக் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் அக்கறை.

சேக்கிழார் கண்ணப்பருக்கு 186 பாட்டு கொடுத்திருக்கிறார். ஒரு பாட்டை விருத்தமாக, ஆலாபனையை நீட்டாமல், சொல் தெளிவாகக் கேட்கும்படி ஓதுவார் பாடினால் ஏறக்குறைய ஐம்பது விநாடி ஆகும். பத்து நிமிடம் என்று சொன்னாலும் ஒலிவாங்கியைச் சரிசெய்வதும், "அமைதி, அமைதி" என்று சொல்வதும் போக, எட்டரை நிமிடத்துக்குத்தான் நான் எழுதுவேன். அதில் ஆறு பாட்டுக்கு ஐந்து நிமிடம். மிச்சம் மூன்றரை நிமிடம் இடையில் பேச. நிதானமாகப் பேசினால் அது முந்நூறு சொல்லுக்குச் சற்று மேல். ஆக, 186இல் ஆறு. கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் இந்தக் கதை வளர்ந்த வழியைப் பார்த்தால் துணிச்சல் வரும். சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் கண்ணப்பரைப் பெயர் சொல்லி வணங்கியதோடு சரி. நம்பியாண்டார் நம்பி அந்தாதியில் ஒரு பாட்டு. நக்கீர தேவரும் கல்லாட தேவரும் ஆளுக்கொரு திருமறம் பாடினார்கள், கல்லாடருடையது சிறியது. இவ்வளவுக்கும் பிறகு வந்துதான் சேக்கிழார் விரித்தார். இந்தக் கதை சின்ன வடிவத்தில் நிற்கக் கூடியது என்பதற்கு அவர்களே சாட்சி. எதைப் பிடித்து நிற்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் வேலை.

பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், தொடக்கத்திலிருந்து சுருக்கிக்கொண்டு வருகிறார்கள். பொத்தப்பி நாடு, உடுப்பூர், தந்தை நாகன், தாய் தத்தை, முருகன் அருளால் பிள்ளை, திண்ணென்று இருந்ததால் திண்ணன், வில் பயிற்சி, கன்னி வேட்டை. ஏழு நிமிடம் போய்விடும். அப்புறம் மணியைப் பார்த்துப் பதறி, கண்ணுக்கு ஓடுவார்கள். ஒரு கோயிலில் நடந்த நிகழ்ச்சியில் வேட்டைக்கு மட்டும் நான்கு நிமிடம் போனது. நாய்க் குரைப்பு, பறை, வில்லோடு ஓடி வரும் பிள்ளைகள் எல்லாம் நன்றாகவே இருந்தன. இறைவன் கண்ணில் ரத்தம் வந்த இடத்தில் என் பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி, "சாமிக்கு ஏன்ம்மா ரத்தம் வருது?" என்று கேட்டாள். அவள் அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. மேடையில் அதற்குப் பதில் இல்லையே, எப்படித் தெரியும்?

அன்று முதல் நான் வெட்டும்போது வைத்துக்கொள்ளும் முதல் கேள்வி அந்தச் சிறுமியுடையதுதான். இறைவன் கண்ணில் ஏன் ரத்தம் வர வேண்டும்? அதற்குப் பதில் வேட்டையில் இல்லை, சிவகோசரியாரிடம் இருக்கிறது. அவர் நாள்தோறும் வந்து ஆகம முறைப்படி பூசை செய்கிறவர். வந்து பார்த்தால் சந்நிதியில் இறைச்சியும் எலும்பும் கிடக்கின்றன. துடித்துப்போய், எல்லாவற்றையும் நீக்கிச் சுத்தம் செய்து மறுபடி பூசை செய்கிறார். மறுநாளும் அப்படியே கிடக்கிறது. ஐந்து நாள் இது நடக்கிறது. இறைவனிடமே அழுது முறையிடுகிறார். அன்று இரவு கனவில் இறைவன் வந்து, அந்த வேடனின் அன்பு இன்னதென்று சொல்லி, நாளை மறைந்திருந்து பார் என்கிறார். ஆறாம் நாள் கண்ணில் ரத்தம் வருவது சிவகோசரியாருக்குக் காட்டுவதற்காக. கனவை எடுத்துவிட்டால் ரத்தம் காரணமில்லாமல் வரும். கண்ணைத் தோண்டுவது வெறும் வீரச் செயலாகத் தெரியும்.

ஆனால் நேரம் போதவில்லை என்றதும் முதலில் வெட்டுப்படுகிறவர் சிவகோசரியார்தான். பாட்டில் அந்தப் பகுதிக்கு ஓட்டம் குறைவு, பேச்சு அதிகம் என்பார்கள். வெட்டாமல் வைத்திருப்பவர்களில் சிலர் செய்வது அதைவிட மோசம். அவரைக் கேலிக்குரியவராக்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு குதிக்கவிட்டு, கூட்டத்தைச் சிரிக்க வைப்பார்கள். சேக்கிழார் அவரை மதிப்போடுதான் வைத்திருக்கிறார். அவருடைய பூசையும் உண்மை, வேதனையும் உண்மை. அதனால்தான் இறைவன் கோபிக்காமல் கனவில் வந்து விளக்குகிறார். அவரைக் கோமாளியாக்கினால் அந்தக் கனவு கண்டனமாக மாறிவிடும். பாட்டில் அது அவருக்குக் கிடைத்த அருள். குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போது சிவகோசரியார் வேஷத்துக்கு இருப்பவர்களில் நிதானமான பிள்ளையைக் கேட்டு வாங்குவேன். அழுகிற இடத்தில் சிரிக்க வைக்காத பிள்ளையாக இருக்க வேண்டும்.

எனவே நான் மலையடிவாரத்தில் தொடங்குகிறேன். ஏறக்குறைய பாதிப் புராணம் அங்கேயே போய்விடுகிறது. வேட்டைப் பகுதியில் சந்தம் துள்ளும், விடுவதற்கு மனம் வராது. ஆனால் பாதி வேட்டை என்று ஒன்று கிடையாது. தொட்டால் முழுக்கத் தொட வேண்டும், இல்லையென்றால் ஒரே வாக்கியத்தில் பன்றி விழுந்து கிடக்க வேண்டும். நான் எழுதுவது இவ்வளவுதான்: ஒரு பன்றியைத் துரத்திக்கொண்டு மூன்று வேடர்கள் காட்டுக்குள் வெகுதூரம் வந்துவிட்டார்கள், பன்றி விழுந்தது, தண்ணீர் தேடிப் பொன்முகலி ஆற்றுப் பக்கம் நடக்கிறார்கள், எதிரே ஒரு மலை. அந்த மலையில் குடுமித் தேவர் இருக்கிறார் என்று நாணன் சொல்கிறான். நாற்பது விநாடி.

முதல் பாட்டு இங்கே. மலையை நெருங்க நெருங்கத் தன்மேல் இருந்த ஏதோ ஒரு சுமை இறங்குவது போல இருக்கிறது, ஆசை பொங்குகிறது, அந்தத் தேவர் எங்கே, போகலாம் வா என்று திண்ணனார் சொல்லும் பாட்டு. இதை நான் விடவே மாட்டேன். அவர் இன்னும் இறைவனைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு முன்பே அவருக்குள் என்னவோ நடந்துவிட்டது என்பதைச் சேக்கிழார் அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார். பிறப்பையும் வளர்ப்பையும் விட்டதில் கேட்பவர்களுக்குக் குறை தெரியாமல் இருப்பதற்கு இந்த ஒரு பாட்டு போதும்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் பொருளோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சேக்கிழாரிடம் சில இடங்களில் இரண்டு மூன்று பாட்டு சேர்ந்துதான் ஒரு வாக்கியம் முடியும். குளகம் என்பார்கள். அதில் ஒன்றைத் தனியாகப் பிடுங்கிப் பாடினால் வினை முடியாமல் தொங்கும். தமிழ் தெரிந்தவர் "அப்புறம்?" என்று காத்திருப்பார், தெரியாதவருக்கும் ஏதோ அறுந்துபோன மாதிரி இருக்கும். அதனால் அச்சுப் பிரதியில் பென்சிலால் ஒவ்வொரு பாட்டின் கடைசிச் சொல்லைப் பார்த்துக்கொண்டே போவேன். வினைமுற்றில் முடிந்தால் ஓரத்தில் ஒரு கோடு. எச்சத்தில் முடிந்தால் அடுத்த பாட்டோடு சேர்த்து ஒரு வளைவு. கோடு போட்டவை தனியாக நிற்கும், வளைவு போட்டவை சேர்ந்துதான் வரும். ஒரு பாட்டின் பாதியை மட்டும் பாடச் சொல்லி யாராவது கேட்டால் நான் ஒப்புவதில்லை. நான்கு அடியிலும் எதுகை விழுந்தால்தான் விருத்தம் காதில் நிற்கும்.

மலைமேல் ஏறி, இறைவனைக் கண்டு, ஓடித் தழுவுவதை வசனத்தில் சொல்லிவிடுவேன். இரண்டாம் பாட்டு, இறைவன் தனியாகப் பசியோடு இருக்கிறாரே, இறைச்சி கொண்டு வர வேண்டுமே என்று புறப்படும் இடம். போகிறார், திரும்பி வருகிறார், தழுவுகிறார், மறுபடி போகிறார், நின்று பார்க்கிறார். பாட்டு முழுக்க வினைமுற்றுகள். முதல் கோடு நான் போட்டது இந்தப் பாட்டுக்குத்தான். நடிப்பதற்கும் இதைவிட வசதியான பாட்டு கிடையாது, பத்து வயதுப் பிள்ளைகூடச் செய்துவிடும். ஒரு ஓதுவார் இதை நீட்டி நீட்டிப் பாடியபோது, "ஐயா, இங்கே அவர் கால் நிற்கவில்லையே, பாட்டும் நிற்காமல் போகட்டும்" என்று கேட்டுக்கொண்டேன். மறுமுறை அப்படிப் பாடினார். பதினைந்து விநாடி மிச்சமானதோடு, திண்ணனாரின் தவிப்பும் கூடுதலாகத் தெரிந்தது.

பிறகு பூசை. இறைச்சியைச் சுட்டு, மென்று பார்த்து நல்லதைத் தேர்ந்து, வாயில் தண்ணீர், தலையில் பூ. இரவெல்லாம் வில்லோடு காவல். இந்த விவரங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை என்று ஓட்டிவிடக் கூடாது. வாய், தலை, கால் மூன்றும் பூசைக்குக் கருவியாகின்றன. வாயால் நீராட்டுகிறார், செருப்புக் காலால் பழைய பூவைத் தள்ளுகிறார், தலையிலிருந்து பூச் சூட்டுகிறார். அந்தக் கால் கடைசியில் மறுபடி வரப்போகிறது. இங்கே காலைச் சொல்லாவிட்டால் அங்கே கால் திடீரென்று முளைத்தது போலிருக்கும்.

ஐந்து நாளைச் சொல்வதற்குச் சேக்கிழாரே வழி காட்டியிருக்கிறார். முதல் சுற்றை விரிவாகச் சொல்லிவிட்டு, இப்படியே நாட்கள் சென்றன என்று தாவிவிடுகிறார். மூலம் தாவும் இடத்தில் நாமும் தாவினால் தையல் தெரியாது. தந்தை நாகன் தேவராட்டியோடு வந்து அழைத்தும் அவர் திரும்பாததை அரை வாக்கியத்தில் சொல்லலாம். பெரும்பாலும் அதையும் விட்டுவிடுவேன்.

மூன்றாம் பாட்டு கனவு. இறைவன் பேச்சு பல பாட்டுகளில் வருகிறது. அதில் நான் எடுப்பது, அவன் வடிவம், அறிவு, செயல் ஒவ்வொன்றும் தமக்கு என்னவாக இருக்கிறது என்று இறைவன் அடுக்கிச் சொல்லும் பாட்டு. நான்கு அடியும் ஒரே சொல்லில் தொடங்கும். காதுக்கு அது கனவின் ஒழுங்கைக் கொடுக்கிறது. எளிய சொற்கள், பொழிப்புரை தேவையில்லை. பொழிப்புரை தேவைப்படும் பாட்டைப் பத்து நிமிட நிகழ்ச்சியில் வைக்கவே கூடாது. ஒரு நிமிடம் பாடி ஒரு நிமிடம் விளக்கினால் கதை அங்கேயே உட்கார்ந்துவிடும்.

நான்காவதும் ஐந்தாவதும் கண். இங்கேதான் பென்சில் வளைவு எனக்குப் பெரிய பாடம் சொன்னது. ரத்தம் வருகிறது. திண்ணனார் முதலில் யார் செய்தது என்று அம்போடு தேடுகிறார், யாரும் இல்லை. பச்சிலை கொண்டு வந்து பிழிகிறார், நிற்கவில்லை. ஊனுக்கு ஊனே மருந்து என்று முன்பு கேட்டது நினைவுக்கு வருகிறது. தன் கண்ணை அம்பால் எடுத்து இறைவன் கண்ணில் அப்புகிறார். நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்துவார்கள். பின்னால் இருந்து ஓர் உருக்கமான இசை, சிவப்புச் சாயம், மௌனம். ஆனால் பாட்டு அங்கே நிற்கவில்லை. கண்ணை அப்பும் பாட்டு எச்சத்தில் முடிகிறது. அடுத்த பாட்டில்தான் வினை முடிகிறது: ரத்தம் நின்றதைப் பார்த்துத் துள்ளிக் குதிக்கிறார், தோளைக் கொட்டி ஆடுகிறார், நான் செய்தது எவ்வளவு நல்ல யோசனை என்று சிரிக்கிறார்.

வலியையும் மகிழ்ச்சியையும் சேக்கிழார் ஒரே வாக்கியமாகக் கோத்திருக்கிறார். நடுவில் வெட்ட நமக்கு உரிமை இல்லை. அந்த ஆட்டத்தை எடுத்துவிட்டால் இரண்டாவது கண் முதல் கண்ணின் மறுபதிப்பாகிவிடும். ஆட்டம் இருந்தால், இரண்டாவது கண்ணில் ரத்தம் வரும்போது அவர் பயப்படவில்லை என்பது விளங்கும். மருந்து கையில் இருக்கிறது. பதற்றம், தேடல், மகிழ்ச்சி, பிறகு உறுதி என்று அவர் மனம் ஏறிக்கொண்டே போகிறது. இந்த இரண்டு பாட்டையும் மூச்சு விடாமல், ராகம் மாற்றாமல் பாடச் சொல்வேன். பாட்டுக்கு ஒரு ராகம் என்று மாற்றினால் ஒவ்வொரு முறையும் ராகத்தை நிறுத்திக் காட்டவே நேரம் போய்விடும். மூன்று ராகத்துக்கு மேல் வேண்டாம். முடிவு மத்தியமாவதி. பஞ்ச புராணம் ஓதும்போது பெரிய புராணத்துக்கு ஓதுவார்கள் பாடிப் பழகிய ராகம் அது, கூட்டத்தின் காதுக்கும் பழக்கம்.

இரண்டாவது கண்ணை வசனத்தில் சொல்லலாம். இரு கண்ணும் போனால் இடம் தெரியாதே என்று அடையாளத்துக்குக் காலை ஊன்றிக்கொள்கிறார். செருப்புக் கால் இங்கே வந்து சேர்கிறது. அம்பை எடுக்கிறார். வசனம் இந்த வாக்கியத்தோடு நிற்க வேண்டும். அடுத்து நடப்பதைப் பேச்சில் சொல்லிவிட்டுப் பாடினால் பாட்டு பழசாகிவிடும். கை நீண்டு தடுப்பதைப் பாட்டே சொல்லட்டும். ஆறாவது பாட்டில் கடைசி அடியில்தான் இறைவன் அவரைக் கண்ணப்ப என்று அழைக்கிறார்.

இதற்காகவே நிகழ்ச்சி முழுக்கத் திண்ணன், திண்ணனார் என்றுதான் எழுதுவேன். சேக்கிழார் முதல் பாட்டிலேயே கண்ணப்பர் என்று சொல்லிவிடுகிறார், பிறகு திண்ணனார் என்றே போகிறார். அத்தனை பாட்டு கடந்து வருவதற்குள் அந்தப் பெயர் மறுபடி புதிதாகிவிடும். பத்து நிமிடத்தில் அது முடியாது. அறிவிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பேன்: "காளத்தி வேடர் கதை என்று மட்டும் சொல்லுங்க, பேரைச் சொல்லிடாதீங்க." கேட்பவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். ஆனாலும் அது இறைவன் வாயிலிருந்து முதலில் வரும்போது சந்நிதியில் கைகள் தாமாகக் குவிவதைப் பார்த்திருக்கிறேன்.

வசனத்தை எழுதும்போது நாவலருடைய பெரிய புராண வசனத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். நடைக்காக இல்லை, எதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்கிறார் என்று பார்ப்பதற்கு. நானாகப் பாட்டு எழுதிச் சேர்ப்பதில்லை. பாடினால் அது திருமுறை, பேசினால் அது என்னுடையது என்பது கேட்பவர்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும்.

இப்போது புதிதாக வந்திருக்கும் சிக்கல் பதிவு செய்த இசை. முன்பெல்லாம் மிருதங்கக்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினால் அடுத்த பாட்டுக்குப் போய்விடலாம். இப்போது ஒலிபெருக்கியில் ட்ராக் ஓடுகிறது, அது யாருக்காகவும் நிற்காது. அலங்காரம் சீக்கிரம் முடிந்து ஐந்தாவது பாட்டில் மணி அடித்துவிட்டால் திரை விலகிவிடும், கூட்டம் சந்நிதி பக்கம் திரும்பிவிடும், கதை கண்ணோடு அறுந்துபோகும். அதனால் ட்ராக் வைப்பவர்களிடம் ஆறு பாட்டையும் தனித்தனித் துண்டாகப் பதிவு செய்யச் சொல்கிறேன். நான்கையும் ஐந்தையும் மட்டும் ஒரே துண்டாக. பேசுகிறவர் சைகை காட்டினால் அடுத்த துண்டுக்குத் தாவலாம்.

தொடங்குவதற்கு முன் உள்ளே போய் அர்ச்சகரிடம் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு வருவது என் பழக்கம். ஏழு நிமிடம்தான் என்றால் இரண்டாம் பாட்டை வசனமாக்கி, மலையடிவாரத்தை இன்னும் சுருக்குவேன். ஐந்து நிமிடம் என்றால் முதல் பாட்டும் வசனமாகிவிடும். கனவு, கண், ஆட்டம், பெயர் நான்கும் பாட்டாகவே இருக்கும். அதற்கும் குறைவாகக் கிடைத்தால் கதையே வேண்டாம், கனவுப் பாட்டை மட்டும் ஓதுவாரை நிதானமாகப் பாடச் சொல்லிவிடலாம்.